மேனேஜர் போட்ட நேரம் தப்பு: குரூப்ல அதை எப்படிச் சொல்றது?

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு மெசேஜைப் பத்தித்தான் பேசப் போறேன். எங்க மேனேஜர் ஒரு குரூப் த்ரெட்ல போட்ட மெசேஜ். அதுல ஒரு தகவல் தப்பா இருந்தது. அவங்களுக்கு மூக்குடைஞ்ச மாதிரி ஆகாம, அதே நேரத்துல தப்பும் அப்படியே நிக்காம அதை எப்படிச் சரி பண்ணோம்னு சொல்றேன்.

முதல்ல சூழ்நிலையைச் சொல்லிடறேன். நாங்க சென்னையில ஒரு டீம். கிளையன்ட் நியூயார்க்ல இருக்கற ஒரு ஆன்லைன் கடை. அவங்க சைட்டைப் புது சர்வருக்கு மாத்தணும், அதுக்கு ரெண்டு மணி நேரம் சைட்டை நிறுத்தி வைக்கணும். 2025 நவம்பர் 3, திங்கட்கிழமை, நியூயார்க் நேரம் அதிகாலை 1 மணிக்கு ஆரம்பிக்கலாம்னு முடிவாச்சு. அந்த 1 மணிக்கு ஒரு காரணம் இருக்கு. தினமும் ராத்திரி 12:30க்கு அன்னைக்கு வந்த ஆர்டர் லிஸ்ட் கிடங்குக்குப் போகும். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் சைட்டை நிறுத்தணும்.

அக்டோபர் 30, வியாழக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு மேனேஜர் த்ரெட்ல போட்டாங்க: 'நவம்பர் 3, நியூயார்க் நேரம் அதிகாலை 1 மணி, இந்திய நேரம் காலை 10:30.' த்ரெட்ல மொத்தம் 14 பேர். நாங்க 9 பேர், கிளையன்ட் பக்கம் 3 பேர், சர்வர் கம்பெனிக்காரங்க 2 பேர்.

அக்டோபர் ஆரம்பத்துல இதே மாதிரி ஒரு வேலை செஞ்சோம். அப்போ 10:30 சரிதான். ஆனா அமெரிக்காவுல நவம்பர் முதல் ஞாயிறு, அதாவது அந்த வருஷம் நவம்பர் 2, அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க. நம்ம ஊர்ல அப்படி எதுவும் கிடையாது. அதனால அதுவரைக்கும் ஒன்பதரை மணி நேரமா இருந்த வித்தியாசம் அன்னைக்குப் பத்தரை ஆயிடும். நவம்பர் 3 அன்னைக்கு நியூயார்க்ல 1 மணின்னா நமக்குக் காலை 11:30. நாம 10:30க்கு நிறுத்தினா அங்க மணி சரியா ராத்திரி 12. ஆர்டர் லிஸ்ட் கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே சைட் படுத்துடும்.

இப்போ நீங்க என்ன செய்வீங்க? முதல் வேலை, தப்பு உங்களோடது இல்லன்னு உறுதி பண்ணிக்கறது. நான் அந்தத் தேதியைக் குடுத்து நேரத்தைப் பார்த்தேன். இது முக்கியம். 'நியூயார்க்ல இப்போ மணி என்ன'ன்னு பார்த்தா அக்டோபர் 30 கணக்குத்தான் வரும், மேனேஜர் சொன்னதுதான் சரின்னு தோணும். இன்னொரு குழப்பம் என்னன்னா, நிறைய பேர் வருஷம் முழுக்க EST-ன்னே எழுதுவாங்க. கோடைக்காலத்துல அது உண்மையில EDT. அந்த எழுத்தை நம்பிக் கணக்குப் போடாம, தேதியும் ஊர்ப்பேரும் குடுத்துப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்த கேள்வி, த்ரெட்லயே சொல்றதா, தனியா சொல்றதா? இதுக்கு நான் ரெண்டு விஷயம் பார்ப்பேன். அந்தத் தப்பான தகவலை வெச்சு யாராவது வேலையை ஆரம்பிச்சுட்டாங்களா? அது கைமீறிப் போக எவ்வளவு நேரம் இருக்கு? எங்க கேஸ்ல சர்வர் கம்பெனிக்காரர் 'சரி, 10:30க்கு ரெண்டு பேரைப் போடறேன்'னு ரிப்ளை பண்ணிட்டார். ஆனா வேலைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. சாயங்காலம் 5 மணின்னா அன்னைக்கு நியூயார்க்ல காலை 7:30. கிளையன்ட் ஆளுங்க 9 மணிக்குத்தான் லாகின் பண்ணுவாங்க, நமக்கு 6:30. அப்போ மேனேஜர் தானே சரி பண்ணிக்க ஒன்றரை மணி நேரம் இருக்கு. அதனால தனியா மெசேஜ் பண்ணேன்.

அதுல என்ன எழுதினேன்னு சொல்றேன். ஆபீஸ்ல இங்கிலீஷ்லதான் எழுதுவோம், விஷயம் இதுதான்: 'மேடம், நவம்பர் 2 அமெரிக்காவுல கடிகாரம் மாறுது. அதனால 3-ஆம் தேதி நியூயார்க் 1 மணி நமக்கு 11:30 வருது. 10:30க்கு ஆரம்பிச்சா 12:30 ஆர்டர் லிஸ்ட் போகாது. சர்வர் டீம் 10:30க்கு ஆள் போடறதா சொல்லியிருக்காங்க. த்ரெட்ல போட ஒரு வரி கீழே எழுதியிருக்கேன், நீங்களே போட்டுடறீங்களா?' அதுக்குக் கீழே, அப்படியே எடுத்துப் போடற மாதிரி: 'எல்லாருக்கும், நவம்பர் 2 நியூயார்க்ல நேரம் மாறுவதால், திங்கட்கிழமை வேலை இந்திய நேரம் 11:30க்கு ஆரம்பிக்கும். நியூயார்க் நேரம் 1 மணி, அதுல மாற்றம் இல்லை.'

இந்த மெசேஜ்ல 'நீங்க தப்பா போட்டிருக்கீங்க'ன்னு எங்கயும் இல்ல. அதுக்காக மழுப்பவும் இல்ல. கடிகாரம் மாறுது, அதனால நேரம் மாறுது, இல்லன்னா இது நடக்கும். வாக்கியம் எல்லாமே கடிகாரத்தைப் பத்தித்தான்.

நம்மில் பல பேர் இந்த இடத்துல ஒண்ணு செய்வோம். நேரா சொல்லத் தயங்கி, த்ரெட்லயே 'மேடம், ஒரு சின்ன டவுட், 10:30 கரெக்ட்தானே?'ன்னு கேட்போம். பணிவா இருக்கற மாதிரி தெரியும். ஆனா அவங்க வேலை அவசரத்துல 'ஆமா, போன தடவையும் 10:30தானே'ன்னு ரிப்ளை பண்ணிட்டா? இப்போ 14 பேர் முன்னாடி அவங்க அதே தப்பை ரெண்டாவது தடவை சொல்லிட்டாங்க. இனி நீங்க மறுத்துப் பேசியே ஆகணும். முதல் தப்பு ஒரு கவனக்குறைவு, அதோட போயிருக்கும். ரெண்டாவதைச் சொல்ல வெச்சது உங்க டவுட்டு. பதில் தெரிஞ்சா கேள்வி கேக்காதீங்க, தகவலைச் சொல்லுங்க.

மேடம் 5:25க்கு 'நல்லவேளை, தேங்க்ஸ்'னு போட்டாங்க. கையோட த்ரெட்ல பழைய மெசேஜை எடிட் பண்ணி 11:30ன்னு மாத்திட்டாங்க. விஷயம் முடிஞ்சதுன்னு தோணும். முடியல.

ஏன்னா எடிட் பண்ணா யாருக்கும் புதுசா நோட்டிஃபிகேஷன் போகாது. வாட்ஸாப்லயும் ஸ்லாக்லயும் 'எடிட் செய்யப்பட்டது'ன்னு ஓரத்துல ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான். மெசேஜைப் படிச்சு, 10:30ன்னு மனசுல வாங்கிக்கிட்டு ஆளையும் போட்டுட்ட அந்த சர்வர் கம்பெனிக்காரர் திரும்ப வந்து அதைப் பார்ப்பாருன்னு என்ன நிச்சயம்? சத்தமில்லாம எடிட் பண்றது மேனேஜர் மரியாதைக்கு நல்லதா தெரியும், ஆனா தப்பு யார்கிட்ட போய்ச் சேர்ந்ததோ அவங்ககிட்ட திருத்தம் போய்ச் சேராது. இந்த எபிசோடுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கறதா இருந்தா இதை வெச்சுக்கோங்க: தப்பு எத்தனை பேருக்குப் போச்சோ, திருத்தமும் அத்தனை பேருக்கும் போகணும். பக்குவம் எல்லாம் எப்படிச் சொல்றோம்ங்கறதுல இருக்கட்டும். யாருக்கெல்லாம் சொல்றோம்ங்கறதுல கை வைக்கக் கூடாது.

அதனால நான் மறுபடி தனியா எழுதினேன்: 'மேடம், சர்வர் டீம் முதல் மெசேஜைப் பார்த்துட்டாங்க, எடிட் பண்ணது அவங்களுக்குத் தெரியாது. அந்த வரியைப் புது மெசேஜா போட்டுடலாமா?' போட்டாங்க. சர்வர் கம்பெனிக்காரர் '11:30, ஓகே'ன்னு பதில் போட்டார். நேரத்தை எழுதிப் பதில் வந்தாத்தான் அவர் புரிஞ்சுக்கிட்டார்னு அர்த்தம். தம்ஸ் அப் மட்டும் வந்தா எந்த நேரத்துக்குன்னு தெரியாது.

இன்னொரு இடத்துலயும் அந்த 10:30 ஒளிஞ்சிருந்தது. காலண்டர் இன்வைட். அதை இந்திய நேரத்துல போட்டிருந்தாங்க. யார் த்ரெட்ல என்ன பேசினாலும், திங்கட்கிழமை காலையில போன்ல அடிக்கப் போறது அந்த இன்வைட்தான். அதை நியூயார்க் நேரம் 1 மணின்னு மாத்தி அனுப்பச் சொன்னேன். அப்படிப் போட்டா கடிகார மாற்றத்தை காலண்டரே கணக்குப் பண்ணிக்கும், சென்னையில இருக்கறவங்களுக்குத் தானா 11:30ன்னு காட்டும்.

சரி, மேடம் பதிலே போடலன்னா? அதுக்கும் ஒரு கெடு வெச்சிருந்தேன். 6 மணி வரைக்கும் பார்க்கறது, அப்புறம் ஒரு போன் பண்றது, எடுக்கலன்னா 6:30க்கு முன்னாடி நானே த்ரெட்ல போட்டுடறது. அப்படிப் போட்டாலும் அவங்க மெசேஜைக் கோட் பண்ணி அதுக்குக் கீழே ரிப்ளையா போட மாட்டேன். கோட் பண்ணா தப்பும் திருத்தமும் மேலும் கீழுமா ஒட்டிக்கிட்டு நிக்கும், பார்க்கறவங்க கண்ணு முதல்ல தப்புலதான் விழும். தனி மெசேஜா, 'திங்கட்கிழமை வேலைக்கு ஒரு தகவல்: நவம்பர் 2 நியூயார்க்ல நேரம் மாறுது, அதனால இந்திய நேரம் 11:30'னு போடுவேன். போட்ட உடனே மேடத்துக்குத் தனியா, 'உங்களைப் பிடிக்க முடியல, கிளையன்ட் வர்றதுக்குள்ள போட்டுட்டேன்'னு ஒரு வரி. அவங்க அதை த்ரெட்ல பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது, நாமளே சொல்லிடணும்.

இதே தப்பை திங்கட்கிழமை காலை 10:20க்குக் கண்டுபிடிச்சிருந்தா? அப்போ தனி மெசேஜ், கெடு எல்லாம் கிடையாது. நேரா த்ரெட்ல 'சைட்டை இன்னும் நிறுத்த வேண்டாம். நியூயார்க்ல இப்போ ராத்திரி 11:50தான். 11:30க்கு ஆரம்பிக்கிறோம்'னு போட்டுட்டு சர்வர் டீமுக்குப் போன் போடணும். பத்து நிமிஷத்துல ஒருத்தர் சங்கடப்படுவாங்களேன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா, சைட் நின்னு போன பிறகு அதே மேனேஜர்தான் கிளையன்ட்டுக்குப் பதில் சொல்லணும். அந்தச் சங்கடம் இதைவிடப் பெருசு.

ஒரு எல்லையும் சொல்லிடறேன். இது எல்லாம் தேதி, நேரம், தொகை மாதிரி யார் பார்த்தாலும் ஒரே பதில் வர்ற விஷயத்துக்குத்தான். 'திங்கட்கிழமையே வேண்டாம், சனிக்கிழமை பண்ணலாம்'னு உங்களுக்குத் தோணினா அது கருத்து. அதைத் திருத்தம்னு சொல்லி அனுப்பினா எந்த மேனேஜரும் கடுப்பாவாங்க, அதுல நியாயமும் இருக்கு.

இதே கதை வருஷத்துல ரெண்டு தடவை வரும். மார்ச் ரெண்டாவது ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தை முன்னாடி வைக்கும், அப்போ நம்ம நேரம் ஒரு மணி நேரம் முன்னாடி வரும். லண்டன் கிளையன்ட் இருக்கறவங்களுக்கு மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அந்த வாரங்கள்ல யார் நேரம் போட்டாலும், தேதியைக் குடுத்து ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.