எண்ணெய்க் குளியல்: எந்த எண்ணெய், யாருக்கு, யாருக்கு வேண்டாம்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று நாம் எண்ணெய்க் குளியலைப் பற்றிப் பேசுகிறோம். நம் பக்கத்தில் ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று ஒரு வழக்கம் உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலும் வியாழன் மாலை அல்லது ஜும்ஆ நாள் காலை என்று அது மாறியிருக்கிறது. நாள் எதுவானாலும் தவறில்லை. குளிப்பாட்டும் விதத்தில்தான் சில தவறுகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று நம் மஹல்லாவில் ஒரு பச்சைக் குழந்தையை மருத்துவமனை வரை கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டாரின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல், அதை முதலில் சொல்கிறோம்.

நான்கு மாதக் குழந்தை. பிறந்த நாற்பதாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை உம்மம்மாதான் குளிப்பாட்டுவார். காலை நீட்டி, குழந்தையைக் காலில் கிடத்தி, நல்லெண்ணெய் தேய்த்து, கடைசியில் மூக்கு அடைப்பு நீங்க ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுவார். பிள்ளைக்கு இருமல் வந்தது. சிரப் கொடுத்தார்கள், நிற்கவில்லை. இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், அதிலும் நிற்கவில்லை. பெரிய காய்ச்சலும் இல்லை. ஆனால் மூச்சு வேகமாகிக்கொண்டே போனது, பால் குடிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுத்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த குழந்தை மருத்துவர், "மூக்குல எண்ணெய் விடுவீங்களாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் பெரியவர்கள் நின்றதால் தாய் "இல்லை" என்று சொல்லிவிட்டார். மறுநாள் தனியாகக் கேட்டபோதுதான் உண்மை வந்தது.

இதற்கு மருத்துவர்கள் கொழுப்பு நிமோனியா என்று பெயர் சொல்கிறார்கள். தண்ணீரோ பாலோ மூச்சுக்குழாயில் போனால் புரை ஏறும், இருமி வெளியே தள்ளிவிடுவோம். எண்ணெய் அப்படி உறுத்தாது. இருமலைக் கிளப்பாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உள்ளே போன எண்ணெயை உடலால் எளிதில் கரைக்கவும் முடியாது. வாரா வாரம் சேரச் சேர அந்த இடம் வீங்கிக் கெட்டிப்படுகிறது. கிருமியால் வந்ததல்ல என்பதால்தான் ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்குச் சில நாட்கள் ஆக்சிஜன் வைத்தார்கள். எண்ணெய் விடுவதை நிறுத்தியதுதான் முக்கிய சிகிச்சை. இருமல் முழுதாக அடங்க இரண்டு மாதம் ஆனது. அல்ஹம்துலில்லாஹ், இன்று பிள்ளை தவழ்கிறது.

அந்த உம்மம்மாவை நாம் யாரும் குறை சொல்லக் கூடாது. "உன் உம்மாவையும் உன்னையும் இப்படித்தானே வளர்த்தேன்" என்று அவர் அழுதார். அது உண்மைதான். எல்லாப் பிள்ளைக்கும் எண்ணெய் உள்ளே இறங்குவதில்லை. இறங்கிய பிள்ளைக்கு நெஞ்சுச்சளி என்று பெயர் வைத்துக் கடந்துபோன காலமும் உண்டு.

ஆகவே குழந்தையின் மூக்கில், காதில், தொப்புளில் எண்ணெய் வேண்டாம். ஊதுவதும், தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதும் வேண்டாம். மூக்கு அடைத்திருந்தால் மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கிறது, அதில் இரண்டு சொட்டு போதும். மார்பில் சூடம் கலந்த தேங்காய் எண்ணெய் தேய்க்கும் வழக்கத்தையும் கைக்குழந்தைக்கு விட்டுவிடுங்கள். சூடம் தோல் வழியே உள்ளே போய் வலிப்பை உண்டாக்கக்கூடியது. குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகை வீசிங் உள்ள பிள்ளைக்கு ஆகாது. குளிப்பாட்டிய பிள்ளை இருமிக்கொண்டே இருந்தால், அமைதியாக இருக்கும்போது அதன் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கி இழுத்தாலோ, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கில் எண்ணெய் விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, எந்த எண்ணெய் என்ற கேள்வி. பெரியவர்களின் உடம்புக்கு நல்லெண்ணெய் நல்ல எண்ணெய்தான். சமையலுக்கு வாங்கும் செக்கு நல்லெண்ணெயே போதும். எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள், அதனால் இலேசான இனிப்பு வாசம் வரும். அது கலப்படம் அல்ல. ஆனால் கடையில் விலை குறைவாக விற்கும் விளக்கு எண்ணெயை உடம்பில் தேய்க்காதீர்கள். புட்டியின் மேல் எள் படம் இருந்தாலும் அது பல எண்ணெய் கலந்து விளக்கெரிக்கச் செய்தது. எதைக் கலந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. "சமையலுக்கல்ல" என்று புட்டியிலேயே சிறிய எழுத்தில் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

எண்ணெய் தேய்த்தால் உடம்புச் சூடு இறங்கும் என்கிறோம். உண்மையில் எண்ணெய் சூட்டை இழுத்து எடுப்பதில்லை. தோலின் மேல் மெல்லிய படலமாக நின்று ஈரம் வெளியேறுவதைக் குறைக்கிறது. தேய்க்கும் கை தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதன் பிறகு வெந்நீரில் குளித்தால் வரும் சுகத்தைத்தான் சூடு தணிந்தது என்கிறோம். வறண்ட தோலுக்கு இதுவே பெரிய உதவி.

செய்முறை எல்லோருக்கும் தெரியும், அளவை மட்டும் சொல்கிறோம். ஒரு பெரியவருக்குத் தலைக்கு இரண்டு மேசைக்கரண்டி, உடம்புக்கு மூன்று அல்லது நான்கு போதும். எண்ணெயை அடுப்பில் காய்ச்ச வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றி அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுரீரென்று இருக்கக் கூடாது. அரை மணி நேரம் ஊறினால் போதும். தலைக்குச் சீயக்காய் அல்லது ஷாம்பூ, உடம்புக்குப் பயத்தமாவு. உடம்பில் இலேசான மினுமினுப்பு மிஞ்சினால் பரவாயில்லை. உளூவுக்கும் குளிப்புக்கும் அது தடையாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். தோலில் ஊறிய எண்ணெய் நகப்பூச்சு போலத் தண்ணீரைத் தடுக்கும் படலம் அல்ல, தண்ணீர் பட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும் என்றே நாம் படித்திருக்கிறோம். கெட்டியாக அப்பியிருந்தால் மட்டும் முதலில் துடைத்துவிடுங்கள். மேலும் சந்தேகம் இருந்தால் இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைமுடிக்கு மட்டும் பார்த்தால் தேங்காய் எண்ணெய் ஒரு படி மேல். அது முடியின் உள்ளே ஊறி, அலசும்போது முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. ஆனால் பொடுகு உள்ள தலைக்கு எந்த எண்ணெயும் ஊற வைக்காதீர்கள். "தலை காய்ந்துவிட்டது, அதனால்தான் செதில் உதிர்கிறது" என்று இன்னும் அதிகம் தேய்ப்பார்கள். பொடுகு பெரும்பாலும் வறட்சியால் வருவதல்ல. தலையில் இயல்பாகவே வாழும் ஒரு வகைப் பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்று பெருகி அரிப்பை உண்டாக்குகிறது. நாம் எண்ணெய் வைப்பது அதற்கு விருந்து வைப்பது. செதில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக, புருவத்திலும் மூக்கோரத்திலும்கூட இருந்தால் அது இந்த வகைதான். கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை தலையில் ஐந்து நிமிடம் விட்டு அலசி, நான்கு வாரம் பாருங்கள். அடங்கிய பிறகு வேண்டுமானால் முடியின் நுனிக்கு மட்டும் எண்ணெய் தொடுங்கள். முகப்பரு உள்ள பிள்ளைகள் நெற்றியில் வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

இனி ஜைத்தூன் எண்ணெய். இதைச் சொல்வதற்கு நமக்கே சற்றுத் தயக்கம். உம்ராவுக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த ஜைத்தூன் எண்ணெயைப் பிறந்த பிள்ளைக்குப் பூசுவதை பரக்கத்தாகக் கருதுகிறோம். அந்த மரத்தை இறைவன் தன் வேதத்தில் சிறப்பித்திருக்கிறான், அதன் மதிப்பில் நமக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதில் ஒலீயிக் அமிலம் மிகுதி. மேல்தோலின் செல்களை ஒட்டிவைக்கும் கொழுப்பை அது குலைத்துவிடுகிறது என்று தோல் ஆய்வுகள் காட்டுகின்றன. தோல் திடமான பெரியவருக்கு அதனால் பெரிய சங்கடம் இல்லை. கரப்பான் வரும் பிள்ளைக்கும், முழங்கை மடிப்பில் வறண்டு சிவந்திருக்கும் பிள்ளைக்கும் அது ஆகாது. அவர்களுக்குத் தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஒரு தேக்கரண்டி போதும். ஜைத்தூனைச் சமையலில் சேருங்கள், உடம்புக்கு நல்லது. கடுகு எண்ணெய் குழந்தைத் தோலில் எரிச்சலை உண்டாக்கும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

யாருக்கு எண்ணெய்க் குளியலே வேண்டாம்? காய்ச்சல் உள்ளவருக்கு, நீர்வடியும் சிரங்கோ சீழ்க்கட்டியோ உள்ளவருக்கு, அறுவை சிகிச்சைத் தையல் ஆறாதவருக்கு. எள் சாப்பிட்டால் உதடு வீங்குகிறவர், தடிப்பு எழும்புகிறவர் நல்லெண்ணெயைத் தோலிலும் தொடக் கூடாது. செக்கு எண்ணெயில் எள்ளின் புரதம் மிஞ்சியிருக்கும். காதில் சீழ் வடிகிறவர், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர் தலைக்கு ஊற்றும்போது காதைப் பஞ்சால் அடைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும், அல்லது வீட்டில் வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வெந்து கொப்பளித்தது இரவில் காலுறையைக் கழற்றும்போதுதான் தெரிந்தது என்று ஒரு பெரியவர் நம்மிடமே சொன்னார். அவர்கள் கால்விரல் இடுக்கில் எண்ணெய் விடவும் கூடாது, ஈரம் தங்கிப் புண்ணாகும்.

முதியவர்களுக்கு எண்ணெயை விட ஆபத்து குளியலறைத் தரை. அறுபதைத் தாண்டியவர்கள் உள்ளங்காலில் எண்ணெய் தேய்க்க வேண்டாம். அறையிலேயே உட்கார்ந்து தேய்த்து, ஊறியபின் பாதத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் குளியலறைக்கு நடக்க வேண்டும். உள்ளே முக்காலியில் உட்கார்ந்து குளிக்க வேண்டும், கதவைத் தாழிடக் கூடாது. அவர் எழுவதற்கு முன் தரையில் சோப்புத் தூளைத் தூவித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் பரவி இன்னும் வழுக்கும். அடுத்துக் குளிக்கப் போகிறவரும் இதே தரையில்தான் நிற்பார்.

தனியாக வசிக்கும் முதியவர்களுக்காக நம் நலநிதியிலிருந்து ரப்பர் விரிப்பும் பிளாஸ்டிக் முக்காலியும் வாங்கி வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், வியாழக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம். வர இயலாதவர்கள் பக்கத்து வீட்டார் மூலம் சொல்லி அனுப்பினால் நம் பிள்ளைகள் கொண்டுவந்து போட்டுத் தருவார்கள்.