கொப்பியில் நான்கு நிரல்கள்
(சண்டிலிப்பாயில் சனசமூக நிலையமொன்றில் நடந்த இரத்ததானக் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் மலையகத்திலிருந்து வருகிறோம். தோட்டம் என்று நீங்கள் சொன்னால் வெங்காயமும் புகையிலையும். நாங்கள் சொன்னால் தேயிலை. சொல் ஒன்றுதான், மண் வேறு. இரத்தம் பற்றிப் பேசுவதில் மட்டும் நாங்களும் நீங்களும் செய்கிற தவறு ஒன்றுதான்.

எங்கள் தோட்டத்தில் முன்பு இப்படி ஒரு கூட்டம் வைத்தோம். ஒரு மணித்தியாலம் பேசினோம். "எல்லோரும் இரத்தம் கொடுப்போம்" என்று முடித்தோம். கைதட்டினார்கள், தேநீர் குடித்தார்கள், லயத்துக்குப் போய்விட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் மனம் கல் அல்ல. எந்த நாள், எங்கே, யாரோடு போவது என்று நாங்கள் சொல்லவில்லை. குறை எங்களுடையது.

அதனால் இன்று உங்களிடம் ஒரேயொரு காரியம் கேட்கிறோம். இந்தக் கொப்பியில் உங்கள் பெயரை ஒரு நிரலில் எழுதிவிட்டுப் போங்கள். நிரல்கள் நான்கு: இந்த மாதம், அடுத்த மாதம், மூன்றாம் மாதம், நான்காம் மாதம்.

ஏன் நான்கு? ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க நான்கு மாதம் ஆகவேண்டும் என்பது நம் நாட்டு விதி. இந்த மண்டபத்தில் நாற்பது பேர் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேரும் ஒரே நாளில் கொடுத்தால் அன்று இரத்த வங்கி நிறையும். ஆனால் எடுத்த இரத்தத்தின் சிவப்பணுக்களைக் குளிரில் ஐந்தாறு வாரந்தான் வைத்திருக்கலாம். டெங்கு நோயாளிக்குச் சில வேளை ஏற்றுகிற சிறுதட்டுகள் ஐந்து நாளைக்கு மேல் நிற்காது. இரண்டு மாதம் கழித்து ஒரு தாய்க்குப் பிரசவத்தில் இரத்தம் போனால், நாற்பது பேரும் "இப்போதுதானே கொடுத்தோம்" என்று நிற்போம். நிரலுக்குப் பத்துப் பேராகப் பிரிந்தால், மாதம் பத்துப் பேர் தவறாமல் போவார்கள். நான்காம் நிரல் முடிகிறபோது முதல் நிரல்காரருக்கு மறுபடி முறை வரும். இலங்கையில் 2014 முதல் தேவைப்படும் இரத்தம் முழுவதும் தாமாக முன்வருகிறவர்கள் கொடுப்பதுதான். ஆகவே அந்தப் பத்துப் பேர் எப்போது போகிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கொப்பியில் எழுதுவது போவதற்கு. கொடுத்தே தீருவேன் என்ற சத்தியம் அல்ல. பலர் பார்க்கச் சத்தியம் வாங்கினால், வெட்கத்துக்காக நோயை மறைத்துக் கொடுக்கிறவர் இருப்பார். புதிதாகத் தொற்றிய கிருமி சில நாட்களுக்குப் பரிசோதனையிலும் தெரியாமல் போகலாம். அது வாங்குகிறவருக்கு ஆபத்து. அங்கே வைத்தியர் தனியாகக் கேட்பார், தனியாகவே பதில் சொல்லுங்கள். வேண்டாம் என்று திரும்பி வந்தால், ஏன் என்று நாங்களும் கேட்கமாட்டோம், பக்கத்து வீட்டாரும் கேட்கவேண்டாம்.

விரலில் ஊசியால் குத்தி ஒரு துளி எடுப்பார்கள். அதை நீலநிறமான செப்பு சல்பேற்றுக் கரைசலில் விடுவார்கள். துளி சட்டென்று அடியில் போனால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் போதும். மிதந்தால் போதாது. எங்கள் கொழுந்து பறிக்கிற பெண்களில் பலர் இந்த இடத்தில் திரும்பிவிடுகிறார்கள். அது அவமானம் அல்ல. உடம்பில் இரத்தம் குறைவு என்று காசில்லாமல் தெரிந்துகொண்டோம், நேரே கிளினிக்குக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். வீட்டில் மற்றவர் சாப்பிட்டு முடித்தபின் மிஞ்சியதைச் சாப்பிடுகிற பழக்கத்தைப் பற்றியும் அங்கே பேசலாம். அதற்கு இன்னொரு கூட்டம் வேண்டும்.

கொடுக்கிற அளவு ஏறக்குறைய 450 மில்லிலீற்றர். பதினெட்டு வயதிலிருந்து அறுபது வயதுக்குள் இருக்கவேண்டும், அடையாள அட்டை வேண்டும். வெறும் வயிற்றோடு போகவேண்டாம். நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். கொடுத்த பிறகு அன்றைக்குப் பாரம் தூக்கவேண்டாம், மண்வெட்டியும் பிடிக்கவேண்டாம்.

இங்கேயிருந்து மானிப்பாய் வழியாகப் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை இரத்த வங்கிக்குப் போகலாம். மலையகத்தில் இதை வாசிக்கிற தோழர்களுக்கு நுவரெலியாவும் பதுளையும் கண்டியும் இருக்கின்றன. தனியே போகத் தயக்கம் என்றால் உங்கள் நிரலிலேயே ஒரு துணையைப் பிடியுங்கள். அவரது பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். இரண்டு பேரும் போகிற நாளை இங்கேயே பேசி, திகதியையும் எழுதிவிடுங்கள்.

கொப்பி இரண்டாம் வாங்கிலிருந்து வருகிறது, பேனை நூலில் கட்டியிருக்கிறது. முதல் நிரலில் எங்கள் பெயர்களை எழுதிவிட்டோம். அடுத்தது நீங்கள்தான் அக்கா, எந்த மாதம்?