கைமாறாத விலைகள்
(நிதிச் சந்தை ஆய்வுக் கருத்தரங்கின் தொடக்க நாள் தலைமை உரை)



எனக்குப் பாடம் சொன்னவர்கள் முதல் வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் தலைமையுரை படிப்பது பெருமைதான். நெஞ்சில் சற்றுப் படபடப்பும் இருக்கிறது. அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

கருத்தரங்கின் பொருள் ‘நிகழ்வு இடர்’. நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளும் மத்திய வங்கிகளின் வட்டி அறிவிப்புகளும் விலையை எப்படி ஆட்டுகின்றன என்பதை இரண்டு நாள் பேசப் போகிறோம். முடிவு வெளியாகும் வாரத்தில் வர்த்தகமும் ஏற்ற இறக்கமும் பெருகுவதை பீவர் 1968-இல் காட்டினார். அதே ஆண்டில் பால், பிரவுன் இருவரும் செய்தியின் பெரும்பகுதி அறிவிப்புக்கு முன்பே விலையில் ஏறிவிடுகிறது என்றார்கள். இதெல்லாம் நீங்கள் அறிந்தது. அமர்வுகளில் விரிவாக வரும். நான் ஒரே ஒரு கேள்வியில் நிற்க விரும்புகிறேன். வரைபடத்தில் நாம் இவ்வளவு கவனமாகப் போட்டு வைக்கும் ஆதரவு நிலையும் தடை நிலையும் அறிவிப்பு நாளில் ஏன் விலைக்குத் தென்படுவதே இல்லை?

நம் கட்டுரைகள் இதற்கு வழக்கமாக எழுதும் விடை, ‘ஆதரவு உடைந்தது’ என்பது. அது தவறான விடை என்பதே என் வாதம். உடைய வேண்டுமானால் அங்கே வர்த்தகம் நடந்திருக்க வேண்டும்.

2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை. இன்ஃபோசிஸ் பங்கு ஏறத்தாழ 1,389 ரூபாயில் முடிந்தது. சந்தை மூடிய பிறகு நான்காம் காலாண்டு முடிவு வந்தது. வரும் ஆண்டின் வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம்தான் என்றது நிறுவனம். மறுநாள் அம்பேத்கர் பிறந்தநாள், நமக்குச் சித்திரை முதல் நாள், சந்தை விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. மும்பை வரைபடத்தில் அந்த மூன்று நாளும் வெறுமை. ஆனால் அதே நிறுவனத்தின் அமெரிக்க வைப்புச் சீட்டு வியாழன் இரவே நியூயார்க்கில் கடுமையாகச் சரிந்துவிட்டது. விலை மாறிக்கொண்டுதான் இருந்தது, நம் வரைபடம் அதைப் பார்க்கவில்லை. திங்கள் காலை பங்கு ஏறத்தாழ பத்து சதவீதம் கீழே திறந்தது. 1,258 ரூபாய் அளவில் முடிந்தது.

இப்போது 1,350 ரூபாயில் ஓர் ஆதரவுக் கோடு போட்டிருந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். திங்களன்று 1,350-இல் ஒரு பங்குகூடக் கைமாறவில்லை. அந்த நிலை சோதிக்கப்படவுமில்லை, தோற்கவுமில்லை.

அது எப்படி நடந்தது என்பதற்கான சாட்சி, நம் ஆய்வுகள் அநேகமாகத் தொடாத ஓர் இடத்தில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் ப்ரீ-ஓப்பன் ஏலம் அது. 2010 அக்டோபரில் வந்த ஏற்பாடு. ஒன்பது மணியிலிருந்து ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆர்டர்களை வாங்கி வைப்பார்கள். கடைசி நிமிடத்தில் எந்த நொடியில் கதவு மூடும் என்பது யாருக்கும் தெரியாது. பிறகு எந்த விலையில் மிக அதிகப் பங்குகள் கைமாற முடியுமோ அந்த ஒரே விலையைக் கணக்கிட்டு, பொருந்தும் ஆர்டர்கள் எல்லாவற்றையும் அதே விலையில் முடிக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். 1,350-இல் விற்க எட்டு லட்சம் பங்குகள் இருக்கின்றன, வாங்க இருபதாயிரம்தான் இருக்கிறது. ஆகவே அங்கே இருபதாயிரம்தான் முடியும். 1,300-இல் வாங்குவோர் எழுபதாயிரம். 1,250-க்கு வந்தால் வாங்க ஐந்து லட்சம், அந்த விலைக்கும் விற்கச் சம்மதிப்போர் ஆறு லட்சம். தொடக்க விலை 1,250 ஆகிவிடும். விலை 1,350-ஐத் தாண்டி 1,300-ஐத் தாண்டி இறங்கி வரவில்லை; நேரே 1,250-இல் பிறந்தது. வரைபடத்தில் நாம் பார்க்கும் கேப் என்பது, ஏலம் கணக்கிட்டு ஒதுக்கிய விலைகளின் நீளம்.

ஸ்டாப்லாஸ் ஆர்டருக்கு அந்த ஏலத்தில் இடமில்லை. அது 9.15-க்குப் பிறகுதான் உயிர் பெறும். 1,389-இல் நூறு பங்கு வாங்கி, 1,350-இல் ஸ்டாப்லாஸ் வைப்பவர் தன் நட்டம் 3,900 ரூபாய் என்று எழுதி வைத்திருப்பார். திங்கள் காலை அது சந்தை விலைக்கு விற்கும் ஆர்டராக இருந்தால் 1,250-ஐ ஒட்டி முடியும்; நட்டம் 13,900. விலை வரம்போடு, ‘1,350-ஐத் தொட்டால் 1,345-க்குக் குறையாமல் விற்க’ என்று போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆர்டர் தூண்டப்படும், 1,345-க்கு வாங்குவார் இல்லாமல் நாள் முழுவதும் கிடக்கும், மாலையில் பங்கு இன்னும் அவர் கையிலேயே இருக்கும். முதல் வகை வெளியேற்றத்துக்கு உறுதி தருகிறது, விலைக்குத் தரவில்லை. இரண்டாவது விலைக்கு உறுதி தருகிறது, வெளியேற்றத்துக்குத் தரவில்லை.

இதைச் சொன்னவுடன் கல்விப்புல நண்பர்கள் சிலர், ‘அப்படியானால் நிலைகளே மாயைதானே’ என்பார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கேரல் ஆஸ்லர் 2003-இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையை நம் பாடத்திட்டங்கள் இன்னும் சேர்த்துக்கொள்ளாதது எனக்கு நெடுநாள் வருத்தம். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. ஒரு பெரிய வங்கியின் அந்நியச் செலாவணி மேசைக்கு வந்த ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் ஆர்டர்களைப் பார்த்தார். லாபத்தை எடுக்கும் ஆர்டர்கள் முழு எண்களின் மேலேயே குவிந்திருந்தன. விற்று வெளியேறும் ஸ்டாப்லாஸ்கள் முழு எண்ணுக்குச் சற்றுக் கீழேயும், வாங்கி வெளியேறுபவை சற்று மேலேயும் குவிந்திருந்தன. விலை ஓர் எண்ணில் தயங்குவதற்கும், அதைத் தாண்டியதும் வேகம் பிடிப்பதற்கும் காரணம் அங்கே இருக்கிறது. நிலை என்பது ஆர்டர்கள் இருக்கும் இடம். ஆர்டர்கள் இருக்கும்வரை நிலை உண்மை. அவை விலக்கப்பட்டால் கோடு மட்டும் மிஞ்சும். அறிவிப்பு செய்வது அதைத்தான்: எந்தத் தகவலை நம்பி அந்த ஆர்டர்கள் போடப்பட்டனவோ அந்தத் தகவலையே மாற்றிவிடுகிறது. போட்டவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஒரு மத்திய வங்கியிடம் இருக்கிறது. 2011 செப்டம்பரில் சுவிஸ் தேசிய வங்கி, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று அறிவித்தது. மூன்றாண்டுக்கும் மேல் அதைக் காத்தது. அதைவிட உறுதியான ஆதரவு நிலையை எந்த வரைபடத்திலும் காட்ட முடியாது. அதற்குச் சற்றுக் கீழே ஸ்டாப்லாஸ் வைத்து வாங்கியவர்கள் ஏராளம். 2015 ஜனவரி 15 அன்று, நம் நேரப்படி பிற்பகல் மூன்று மணியளவில், வங்கி அந்த வாக்கை விலக்கிக்கொண்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. 1.20-இல் வரம்பில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது அந்த வங்கி ஒன்றுதான். அது எழுந்து போனதும் அடுத்து வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை. எஃப்எக்ஸ்சிஎம் என்ற தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் போட்ட பணத்தையும் இழந்து, அதற்கும் மேலே 22.5 கோடி டாலர் அளவுக்குக் கடன்பட்டார்கள். அந்த நிறுவனம் 30 கோடி டாலர் கடன் வாங்கித்தான் நின்றது. இன்னொரு தரகு நிறுவனமான அல்பாரியின் பிரிட்டன் கிளை மூடப்பட்டது. அன்று பொங்கல். அதே நாள் காலை நம் ரிசர்வ் வங்கியும் அட்டவணைக்கு வெளியே ரெப்போ விகிதத்தை 8-இலிருந்து 7.75 ஆகக் குறைத்தது; சென்செக்ஸ் எழுநூறு புள்ளிக்கு மேல் ஏறியது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் வழக்கமான முடிவு, தேதி முன்பே தெரிந்து, காலை பத்து மணிக்கு, சந்தை நடக்கும்போதே வருகிறது. 2022 மே 4-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு வந்த எதிர்பாராத 0.40 சதவீத உயர்வும் சந்தை நேரத்தில்தான் வந்தது. சென்செக்ஸ் 1,300 புள்ளிகளுக்கு மேல் இழந்தது. அத்தகைய நாளில் ஆர்டர் பட்டியல் மெலிந்திருந்தாலும் இடைப்பட்ட நிலைகளில் ஏதேனும் வர்த்தகம் நடக்கும், ஸ்டாப்லாஸுக்கு ஓரளவு வாய்ப்புண்டு. தேதி தெரிந்த நிகழ்வுக்கு இன்னொரு வசதி: அன்றைய விலைக்கு நெருங்கிய கால், புட் ஆப்ஷன்கள் இரண்டின் விலையைக் கூட்டினால், சந்தை எவ்வளவு நகர்வை எதிர்பார்க்கிறது என்பது தோராயமாகத் தெரியும். திசை தெரியாது. தேதியே தெரியாத அறிவிப்புக்கு அந்த அளவும் கிடைக்காது.

இனி, நான் தள்ளிப்போட்டு வந்த ஒரு விவாதம். ‘கேப் எப்படியும் நிரம்பும்’ என்ற கொள்கையை நம் துறையில் மதிப்புமிக்க ஒரு மூத்தவர் பல ஆண்டுகளாக நிலைநாட்டி வருகிறார். முன்னொரு கருத்தரங்கில் அவர் கட்டுரைக்கு நான் எழுப்பிய மறுப்பு, தொகுப்பு நூலில் இடம்பெறவில்லை. அவர்மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை, மறுப்பும் குறையவில்லை. இன்று பதிவு செய்கிறேன்.

இன்ஃபோசிஸ் கேப் நிரம்பத்தான் செய்தது. மூன்று மாதத்தில், ஜூலையில், பங்கு பழைய விலைக்கு மேலே போனது. ஜூலை 20-இல் அடுத்த முடிவு வந்தது. வளர்ச்சிக் கணிப்பு 1 முதல் 3.5 சதவீதமாகக் குறைந்தது. மறுநாள் மீண்டும் எட்டு சதவீதச் சரிவு. யூரோவும் 1.20-ஐத் திரும்பத் தொட்டது, 2018 ஏப்ரலில். மூன்றேகால் ஆண்டு கழித்து! இதையும் ‘நிரம்பியது’ என்ற அதே கட்டத்தில் எண்ணினால் அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது? காலவரம்பு இல்லாத கணிப்பைப் பொய்யாக்கவே முடியாது. பொய்யாக்க முடியாததை ஆய்வு முடிவு என்று வைத்துக்கொள்ளக் கூடாது. கடன் வாங்கி வர்த்தகம் செய்தவர் 2015-லேயே சந்தையை விட்டுப் போய்விட்டார். எட்வர்ட்ஸும் மாகீயும் 1948-லேயே கேப்புகளை வகை பிரித்தார்கள். பரபரப்பில்லாத நாளின் சிறு கேப்பை ஒரு பெரும் நகர்வைத் தொடங்கும் கேப்போடு அவர்கள் கலக்கவில்லை. அந்த மூத்தவரின் பட்டியலில் முடிவு நாள் கேப், ஈவுத்தொகை கழிந்த நாளின் கேப், சாதாரண நாளின் கேப் மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தபின் அவர் சொல்வதே சரி என்று வந்தால், அதை இதே மேடையில் நின்று ஏற்றுக்கொள்வேன்.

இந்த இரண்டு நாளில் கட்டுரை படிக்கவிருக்கும் இளைய ஆய்வாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் கணக்குகளில் ஸ்டாப்லாஸ் வைத்த விலையையே வெளியேறிய விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகு முதலில் நடந்த வர்த்தகத்தின் விலையைப் போடுங்கள். பல உத்திகளின் லாபம் அங்கேயே கரையும், அதை மறைக்காமல் அச்சிடுங்கள். கேப் நிரம்பியது என்று எழுதும் இடமெல்லாம் எத்தனை வர்த்தக நாளில் நிரம்பியது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இந்த இரண்டும் இல்லாத கட்டுரையைத் தொகுப்பு நூலில் சேர்க்க வேண்டாம் என்று பதிப்புக் குழுவையும் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.