பட்டம் கொடுக்க யாருக்கு அதிகாரம்?

(நாகர்கோவிலில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



நம் நாஞ்சில் நாட்டில் மாடு பிடிக்கப் போகிறவன்கூடப் பல்லைப் பார்க்காமல் அச்சாரம் கொடுப்பதில்லை. ஆனால் மகனுடைய படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டும்போது மாத்திரம், வாசல் பலகையில் "அங்கீகாரம் பெற்றது" என்றிருந்தால் போதுமென்று நினைக்கிறான். யாருடைய அங்கீகாரம், எந்தப் படிப்புக்கு என்று கேட்பதை மரியாதைக் குறைவென்று கருதுகிறான்.

1956-ம் வருஷத்திய பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, சட்டசபையோ பார்லிமெண்டோ சட்டம் செய்து ஏற்படுத்திய பல்கலைக்கழகமும், நிகர்நிலை அந்தஸ்து பெற்றதும், பார்லிமெண்ட் தனியே அதிகாரம் கொடுத்த ஸ்தாபனமும்தான் பட்டம் கொடுக்கலாம். மற்றவை போலி. போலிகளின் பட்டியலைக் குழுவே வெளியிடுகிறது. கேரளத்தில் "கிஷநாட்டம்" என்ற ஊரிலுள்ளதாக ஒரு செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் அதில் பல வருஷங்கள் இருந்து வந்தது. களியக்காவிளை தாண்டிப் போய்வரும் தோழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்த ஊரைப் பார்த்தவர் உண்டா?

ஆனால் இந்தப் போலியை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். பல்கலைக்கழகம் நிஜமாயிருந்து, படிப்புக்கு அனுமதியில்லாமலிருப்பதுதான் ஆளை விழுங்குவது. 2017 நவம்பர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பைக் கேளுங்கள். சேலத்திலுள்ள ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், உரிய அனுமதியின்றித் தபால் வழியில் எஞ்சினியரிங் பட்டம் கொடுத்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவர்கள் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் நடத்தும் பரீட்சையில் தேற வேண்டுமென்று உத்தரவாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களோ ரத்து! அதை வைத்து வேலையும் பதவி உயர்வும் பெற்றிருந்தவர்களின் கதியை நினைத்துப் பாருங்கள். "பல்கலைக்கழகம் அசல்தானே?" என்று கேட்டுச் சேர்ந்தவர்கள்தான் அவர்களும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கடைத்தெரு மாடியில் ஒருவர், வடநாட்டுத் தனியார் பல்கலைக்கழகமொன்றின் பி.காம். பட்டத்தைத் தபால் வழியில் இங்கிருந்தே தருவதாகச் சொல்லுகிறாரென்று வையுங்கள். அவர் காட்டும் காகிதத்தையும் அனுப்பும் இணைப்பையும் ஒதுக்கிவிட்டு, ugc.gov.in என்று நீங்களே தட்டிப் பாருங்கள். பெயர் இருக்கும். இருந்துவிட்டால் கட்டிவிடலாமா? கூடாது. ராஜ்யத் தனியார் பல்கலைக்கழகம் தன் ராஜ்ய எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது. (இணைய வழிப் படிப்பு வேறு, அதற்கு இந்த எல்லையில்லை, தனி அனுமதியுண்டு.) பிறகு deb.ugc.ac.in-இல் அந்தப் படிப்பின் பெயரும், நீங்கள் சேரும் வருஷமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். போன வருஷத்து அனுமதி இந்த வருஷத்துக்கு ஆகாது. நர்சிங், எஞ்சினியரிங் பட்டமென்றால் தேடவே வேண்டாம். தபால் வழியில் அவற்றுக்கு அனுமதியே கிடையாது.

நேரில் போய்ப் படிக்கும் கலைக் கல்லூரியானால், பட்டம் கொடுக்கப்போவது கல்லூரியல்ல, பல்கலைக்கழகம். நம் ஜில்லாவில் பெரும்பாலும் அது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அந்தப் பாடத்துக்கு இணைப்புண்டா என்று திருநெல்வேலியில்தான் கேட்க வேண்டும். "விண்ணப்பம் போட்டாயிற்று, அடுத்த மாதம் உத்தரவு வந்துவிடும்" என்று ஆபீசில் சொன்னால், உத்தரவு வந்த பிறகே பணம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.