வீடு வாங்கும்போது ஈசி சொல்லாத இரண்டு சங்கதிகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குடியிருப்பைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், எதுவும் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?" அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில். ஈசி என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். சொத்தின் மேல் நடக்கும் வழக்கு அதில் ஏறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நம் மாநிலத்தில் இல்லை. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வழக்கு விவரத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு உண்டு. நமக்கு அந்த வசதி இல்லாததால் நாம்தான் தேடிப் போக வேண்டும்.

சட்டத்தை ஒரு கற்பனைக் கதையில் வைத்துச் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் ஒருவருக்கு ஒரு வீடு இருக்கிறது. 2019 மார்ச்சில் அதை 60 லட்சத்துக்கு விற்க ஒருவரிடம் கிரய ஒப்பந்தம் போட்டு 15 லட்சம் முன்பணம் வாங்குகிறார். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி, பதிவு செய்யவில்லை. இவரை முதலாமவர் என்று வைத்துக்கொள்வோம். நாலு மாதத்தில் விலை ஏறிவிடுகிறது, வீட்டுக்காரர் இழுத்தடிக்கிறார். முதலாமவர் பொறுமையிழந்து, ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லி ஜூலை 10-ஆம் தேதி நீதிமன்றத்தில் பிராது தாக்கல் செய்கிறார். ஜூலை 12-ஆம் தேதி, வீட்டுக்காரர் அதே வீட்டை இரண்டாமவர் ஒருவருக்கு 72 லட்சத்துக்குக் கிரயம் செய்து பதிவும் செய்து கொடுத்துவிடுகிறார். இரண்டாமவர் நேர்மையானவர். முதலாமவரைப் பற்றி அவருக்குத் தெரியாது, ஈசி சுத்தமாக இருக்கிறது, முழுப் பணமும் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரருக்கே இன்னும் சம்மன் வரவில்லை.

2023-ல் தீர்ப்பு முதலாமவருக்குச் சாதகமாக வருகிறது. வீடு யாருக்கு?

முதலாமவருக்குத்தான். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. லிஸ் பென்டென்ஸ், அதாவது வழக்கு நிலுவைக் கோட்பாடு என்று இதற்குப் பெயர். ஒரு சொத்தின் உரிமையே நேரடியாகக் கேள்விக்கு உள்ளான வழக்கு நிலுவையில் இருக்கும்போது, அந்த வழக்கின் கட்சிக்காரர் எவரும் எதிர்த்தரப்பின் உரிமை பாதிக்கும்படி அந்தச் சொத்தைக் கைமாற்ற முடியாது. இரண்டாமவரின் கிரயப் பத்திரம் செல்லாத பத்திரம் ஆகிவிடாது, ஆனால் வழக்கின் முடிவுக்குக் கீழ்ப்பட்டதாகிவிடும். வழக்கு தோற்றிருந்தால் வீடு அவருக்கே நின்றிருக்கும். ஜெயித்துவிட்டதால், முதலாமவருக்கு எழுதித்தரும் கிரயத்தில் இரண்டாமவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான். தன் 72 லட்சத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் தனியாக அலைய வேண்டும்.

"எனக்குத் தெரியாதே" என்று அவர் சொல்வது இங்கே எடுபடாது. 52-ஆம் பிரிவு தெரிந்ததா தெரியாததா என்று பார்ப்பதே இல்லை, தேதியை மட்டும் பார்க்கும். அதுவும் சம்மன் சேர்ந்த தேதியை அல்ல, பிராது தாக்கலான தேதியை. நம் மாநிலத்திலிருந்து போன ஏறக்குறைய இதே மாதிரியான வழக்கில், நல்லெண்ணத்தோடு வாங்கியவரையும் இந்தப் பிரிவு கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது.

தேதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டாமவர் ஜூலை 8-ஆம் தேதியே கிரயம் முடித்திருந்தால் கதை வேறு. அப்போது வழக்கு இல்லை, 52-க்கு வேலை இல்லை. தெரியாமல், பணம் கொடுத்து, நல்லெண்ணத்தில் வாங்கியவரை குறித்த பரிகாரச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு காப்பாற்றியிருக்கும். நாலே நாளில் 72 லட்சம். சட்டம் இங்கே கொஞ்சம் கொடூரமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்த விதி இல்லாவிட்டால், வழக்குப் போடும்போதெல்லாம் சொத்து இன்னொரு கைக்குப் போகும், வாதி ஒவ்வொருவராகத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லா வழக்கும் இதில் வராது. வெறும் கடன் பாக்கி கேட்கும் வழக்கு வராது. இரு தரப்பும் கூட்டுச் சேர்ந்து போட்ட வழக்கும் வராது. நீதிமன்றத்தின் அனுமதியோடு விற்கலாம். ஆனால் வழக்கு எப்போது முடிகிறது என்பதில் கவனம் வேண்டும். கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்போடு அது முடிவதில்லை. மேல்முறையீடு, நிறைவேற்று மனு என்று தீர்ப்பாணை முழுக்க நிறைவேறும் வரை நிலுவைதான். பாகப்பிரிவினை வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை வாங்கிவிட்டு, இறுதித் தீர்ப்பாணை கேட்காமல் வருஷக்கணக்கில் விட்டிருப்பார்கள். அந்த வழக்கும் உயிரோடுதான் இருக்கிறது.

இப்போது இரண்டாவது சங்கதி. அதே கதையில், ஒப்பந்தம் போட்ட அன்றே வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்து, முதலாமவர் குடும்பத்தோடு குடியேறிவிட்டார், வழக்கு எதுவும் போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் இப்போது "கிரயம் ஆகவில்லை, வெளியே போ" என்று சொல்ல முடியுமா?

1929-ல் சேர்க்கப்பட்ட 53-ஏ பிரிவு இதற்காகத்தான். பகுதி நிறைவேற்றக் கோட்பாடு என்பார்கள். எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்து, அதன்படி சுவாதீனம் வாங்கி, மீதிப் பணத்தைக் கொடுக்கத் தயாராகவும் இருப்பவரை, விற்றவரோ அவர்வழி உரிமை கோருபவரோ கிளப்ப முடியாது. வழக்குப் போடும் மூன்று வருடக் கெடு தாண்டினாலும் இந்தப் பாதுகாப்பு நிற்கும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இது கேடயம் மட்டுமே. இதை வைத்துக்கொண்டு "நானே உரிமையாளர்" என்று வழக்குப் போட முடியாது, பட்டாவும் கேட்க முடியாது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2001 செப்டம்பர் 24-க்குப் பிறகு எழுதிய ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் 53-ஏ கைகொடுக்கும். நம் முதலாமவரின் ஒப்பந்தம் பதிவாகவில்லை, ஆகவே அந்தக் கேடயம் அவருக்கு இல்லை. கிரயம் செய்து தரக் கேட்டு வழக்குப் போடலாம், அந்த வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டலாம். தமிழ்நாட்டில் 2012 திருத்தத்தால் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயமான பிறகும் அது முடியும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்குப் போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டும் பாதுகாப்பு வராது.

இரண்டாமவர் பக்கம் வருவோம். ஒப்பந்தம் தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவரின் உரிமையை 53-ஏ தொடாது. அங்கே தெரியாமை ஒரு பதில்தான், 52 மாதிரி இல்லை. ஆனால் 3-ஆம் பிரிவின் விளக்கம் ஒன்று குறுக்கே வரும். வீட்டில் வேறொருவர் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமையோ அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "வாடகைக்காரர்தான் சார், ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுவார்" என்று தரகர் சொன்னதை நம்பினேன் என்றால் நீதிமன்றம் கேட்காது. 19-ஆம் பிரிவின் பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டுக்குப் போய் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவரிடம் நேரில் கேளுங்கள்: எந்த அடிப்படையில் இருக்கிறீர்கள், யாருக்கு வாடகை கொடுக்கிறீர்கள், ஒப்பந்தம் ஏதும் உண்டா? முடிந்தால் அதை எழுதி வாங்குங்கள். பிறகு services.ecourts.gov.in தளத்தில் அந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் விற்பவர் பெயரையும், தாய்ப்பத்திரத்தில் உள்ள முந்தைய உரிமையாளர்கள், வாரிசுகள் பெயர்களையும் தேடுங்கள். ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள், நாலையும் போட்டுப் பாருங்கள். சர்வே எண்ணை வைத்துத் தேடி வழக்கைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். முடிந்த வழக்குகளையும் பாருங்கள், மேல்முறையீடு இருக்கலாம். அட்வான்ஸுக்கு முன் ஒருமுறை தேடியது போதாது. கிரயத்தன்று காலையில் இன்னொரு முறை தேடுங்கள். அன்று தாக்கலான பிராது தளத்தில் ஏற நாளாகலாம் என்பதால், வழக்கு எதுவும் இல்லை என்ற விற்பவரின் உறுதிமொழியையும், இருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.