நன்றியுரை

நாகப்பட்டினம் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. சுருக்கமாகவே சொல்கிறேன்.

முதலில், பண்ணையாள் முறை பற்றிப் பேசிய பேராசிரியருக்கு நன்றி. 1952இல் தஞ்சைக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த கதையை அவர் சொன்னபோது எனக்கு ஒரு சொல்தான் நினைவில் ஓடியது. பொங்கலுக்கு ஒரு வேட்டி, சாவுக்குக் கொஞ்சம் நெல் கொடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க மிராசுதார் எதிர்பார்த்தது நன்றியைத்தான். கூலியை உயர்த்திக் கேட்டவனுக்கும் செங்கொடி ஏற்றியவனுக்கும் நம் பக்கத்தில் கிடைத்த பட்டம் நன்றி கெட்டவன். கீழ்வெண்மணி மக்கள் செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு இராமையாவின் குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ஆகவே இந்தச் சொல்லை மேடையில் எடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். உழைத்துப் பெற்ற கூலிக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. கடன்படாமல் தானாகத் தந்ததற்கு மட்டும் சொல்கிறேன்.

வழக்கறிஞர் தோழர் 1973ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பை விளக்கினார். கார் வைத்திருக்கும் பெரிய நிலக்கிழார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருக்க மாட்டார்கள் என்ற வாதம் அவர்கள் விடுதலையில் எப்படி இடம்பெற்றது என்பதைக் குரல் உயர்த்தாமல் சொன்னார். அந்த நிதானத்துக்கு நன்றி. முதலாண்டு முதுகலை மாணவி, 'குருதிப்புனல்' நாவல் நிலக்கிழாரின் ஆண்மைக் குறையைக் காரணமாக வைத்து, சாதியையும் கூலியையும் பின்னுக்குத் தள்ளுகிறது என்று வாதாடினார். கேள்வி நேரத்தில் மூத்த எழுத்தாளர்கள் மறுத்தார்கள், அவர் அசரவில்லை. எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப்பட்டது.

கூடம் தந்த தொழிற்சங்கத்தார், பாதி வாடகைக்கு மைக் செட் போட்டவர், இரண்டு மூட்டை அரிசி அனுப்பிய சிறு விவசாயிகள், இந்த உரைத்தொகுப்பைக் கடனுக்கு அச்சிட்ட அச்சகத்தார், எல்லோருக்கும் நன்றி. மேடைப் பதாகையில் தன் பெயரை மட்டும் பெரிதாகப் போடச் சொன்ன ஒரு நிறுவனத்தின் காசோலையைத் திருப்பி அனுப்பினோம். துண்டு விழுந்த பணத்தை நீங்கள் உண்டியலில் போட்டீர்கள். வரவு செலவு வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டிய அம்மாக்கள் ஒரு அமர்வைக்கூடக் கேட்கவில்லை. அவர்களுக்கு நன்றி சொன்னால் மட்டும் போதாது. அடுத்த ஆண்டு சமையலை இளைஞர்கள் ஏற்பதாகச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இந்தப் பொறுப்பு மாணவர் அணிக்கு. பெயர் தருகிறவர்கள் போகும்போது வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.