ஏற்றக்கல்லின் கணக்கு

(கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்துப் படிப்பகத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பெரிய சங்கதி எதையும் பேச வரவில்லை. ஒரு கல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். கல் என்றதும் சிலருக்கு நான் எந்தக் கல்லைச் சொல்லப் போகிறேனோ என்று சந்தேகம் வரலாம். பயப்பட வேண்டாம். கோயிலுக்குள் இருக்கும் கல்லை அல்ல, ஏற்றமரத்தின் வாலில் தொங்கின கல்லைத்தான் சொல்லுகிறேன்.

வருகிற வழியில் ஒரு களத்து வாசலில் நீளமான சவுக்கு மரத்தைத் தடுப்பாகப் போட்டு, அதன் பின்முனையில் ஒரு கல்லைக் கட்டியிருப்பதைப் பார்த்தேன். வண்டி வரும்போதெல்லாம் ஒரு சிறு பையன் அந்தப் பின்முனையில் தொங்கினால்தான் மரம் மேலே எழும்புகிறது. "கல்லைக் கொஞ்சம் பெரியதாகக் கட்டக்கூடாதா தம்பி?" என்று கேட்டேன். "அது ஆரம்பத்தில் பூசை போட்டுக் கட்டின கல்லுங்க, மாற்றக் கூடாதாம்" என்றான். கல்லுக்குப் பூசை நடந்தது சரி, கணக்கு நடந்ததா என்பதுதான் என் கேள்வி.

நம் தஞ்சை ஜில்லா வாய்க்கால் பாசன நாடு. ஆனாலும் ஆற்றுப் படுகைகளிலும், வெற்றிலைக் கொடிக்காலிலும், வாழைத் தோட்டத்திலும், வாய்க்காலில் தண்ணீர் வருமுன்னே நாற்று விட வேண்டியிருந்த மேட்டிலும் நம் பாட்டன்மார் ஏற்றம் போட்டுத்தான் இறைத்தார்கள். மின்சார மோட்டார் வந்தபின் அந்த வேலை போய்விட்டது. போனதற்காக நான் அழவில்லை. அதில் வேலை செய்தவன் எவனும் அழமாட்டான். இங்கே இருக்கும் இளைஞர்கள் ஏற்றத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கால்களை நட்டு, நடுவே ஓர் அச்சில் துலா என்கிற நீள மரத்தை ஏற்றி வைப்பார்கள். நீண்ட முனையிலிருந்து ஒரு மூங்கில் கழி தொங்கும். அதன் அடியில் சால். குட்டையான பின்பக்கத்தில் கல். பெரிய ஏற்றங்களில் துலாவின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடப்பதுண்டு. நான் சொல்லுவது ஒரே ஆள் கீழே நின்று, கழியைப் பிடித்து இறக்கி ஏற்றும் சிறிய ஏற்றம். எகிப்து தேசத்தில் நைல் நதிக் கரையிலும் இதே கருவி இருந்திருக்கிறது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய அவர்களுடைய கல்லறைச் சித்திரங்களில் அதைக் காணலாம். காவிரிக்காரனும் நைல்காரனும் வெவ்வேறு சாமியைக் கும்பிட்டாலும் கல் இரண்டு ஊரிலும் ஒரே விதிப்படிதான் தொங்கிற்று.

அந்த விதி யாதெனில், ஒரு பாரம் மரத்தைச் சாய்க்கும் பலம், அந்தப் பாரத்தை அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் வரும் தொகை. இரண்டு பக்கத்துத் தொகையும் ஒன்றானால் மரம் சாயாமல் நிற்கும். கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு வருஷத்துக்கு மேல் முன்பே கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் இதை நிரூபித்து எழுதி வைத்தார். அவர் சொன்னார் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஒரு மூங்கிலும் இரண்டு செங்கல்லும் இருந்தால் இன்று ராத்திரியே வீட்டில் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

இனி ஓர் ஏற்றத்துக்குக் கல் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுவோம். எளிதாக இருக்கும்பொருட்டு முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். துலா 20 அடி. அச்சிலிருந்து கழி தொங்கும் முனை 14 அடி, கல் தொங்கும் வால் 6 அடி. வெறும் சாலும் கழியும் சேர்ந்து 7 கிலோ. சாலில் 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அதாவது 20 கிலோ. ஆகவே இறங்கும்போது முன்பாரம் 7 கிலோ, நிறைந்து ஏறும்போது 27 கிலோ.

பாரம் இரண்டாக இருக்கிறதே, எதற்குச் சரியாகக் கல் கட்டுவது? வெறும் சாலுக்குச் சரியாகக் கட்டினால், ஏறும்போது தண்ணீர்ப் பாரம் முழுவதையும் ஆள் தன் கையால் தூக்க வேண்டும். நிறைந்த சாலுக்குச் சரியாகக் கட்டினால் ஏறுவது சுகம். ஆனால் வெறும் சாலைக் கீழே இறக்க அதே 20 கிலோ பலத்தோடு இழுக்க வேண்டும். ஆதலால் இரண்டுக்கும் நடுவே, பாதிச் சால் தண்ணீருக்கு, அதாவது 17 கிலோவுக்குச் சரியாகக் கட்டுவதுதான் நியாயம். 17-ஐ 14-ஆல் பெருக்க 238 வருகிறது.

இதோடு முடிந்ததென்று 238-ஐ 6-ஆல் வகுத்துக் கல் தேடப் போகிறவன் ஏமாந்துபோவான். துலாமரத்துக்கே பாரம் இருக்கிறதல்லவா? மரம் 40 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அச்சில் ஏற்றுமுன் தரையில் ஓர் உருளைக் கட்டையின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தால், ஓரிடத்தில் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும். மரத்தின் பாரம் முழுவதும் அந்த இடத்தில் குவிந்திருப்பதாக எண்ணிக் கணக்கிடலாம். மரம் ஒரே பருமனாயிருந்தால் அந்த இடம் நட்ட நடு, அதாவது அச்சுக்கு முன்னே 4 அடி. அடிப்பருத்த முனையை வால்பக்கம் வைத்தால் அது பின்வாங்கும். நம் ஆசாரிகள் பருத்த முனையை எப்போதும் பின்னுக்கு வைத்ததன் காரணம் இதுதான், சாஸ்திரம் அல்ல. நம் மரத்தில் அது அச்சுக்கு முன்னே 2 அடியில் இருப்பதாகக் கொண்டால், 40-ஐ 2-ஆல் பெருக்க 80.

இந்த 80-ஐயும் அந்த 238-ஐயும் கூட்டினால் 318. அதை வாலின் 6 அடியால் வகுத்தால் 53. ஆகவே 53 கிலோ கல் வேண்டும்.

சரிதானா என்று சோதிப்போம். வெறும் சால் இருக்கும்போது முன்பக்கத்துத் தொகை 7-ஐ 14-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்ட 178. பின்பக்கம் 318. வித்தியாசம் 140. அதை 14 அடியால் வகுத்தால், ஆள் 10 கிலோ பலத்தோடு இழுத்தால் சால் இறங்கும். சால் நிறைந்ததும் முன்பக்கம் 458. வித்தியாசம் மறுபடியும் 140. ஆகவே 10 கிலோ பலத்தோடு தூக்கினால் ஏறும். கல்லே இல்லாவிட்டால் 33 கிலோவைத் தூக்க வேண்டும்.

கல் வேலையை இனாமாகச் செய்துவிடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். 20 கிலோ தண்ணீரை மேலே கொண்டுவரும் உழைப்பு எப்படியும் மனிதனுடையதுதான். கல் செய்வதெல்லாம், அவன் இழுக்கும்போது கொடுத்த பலத்தைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, தூக்கும்போது திருப்பிக் கொடுப்பதுதான். சால் 14 அடி இறங்கும்போது கல் 6 அடி எழும்புகிறதே, அதுதான் அந்தச் சேமிப்பு. மேலே தூக்குவதைவிடக் கீழே இழுப்பது மனிதனுக்குச் சுலபம், தன் உடம்பின் பாரத்தையே அதில் போடலாம். அதனால் அனுபவசாலிகள் கணக்குக்குச் சற்று மேலாகவே கல் கட்டினார்கள். அதில் தப்பில்லை.

அறிவியல் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். மரம் சரியும்போது தூரம் குறைகிறதே, கணக்கு மாறாதா என்று. சால் தொங்கும் இடம், அச்சு, கல் தொங்கும் இடம், மரத்தின் பாரம் குவிந்த இடம் இவையெல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமானால், முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் குறையும், கணக்கு மாறாது. கல்லைத் தொங்கவிடாமல் மரத்துக்கு அடியில் ஒட்டி இறுக்கிக் கட்டினால் மாறும். ஒரு சாய்வில் சரியாயிருந்தது இன்னொரு சாய்வில் பிசகும்.

நிற்க. இந்தக் கணக்குத் தப்பினால் நஷ்டம் யாருக்கு? என் பாட்டனார் ஒரு மிராசுதாரின் கொடிக்காலில் ஏற்றம் இறைத்தவர். அங்கே நடந்ததை என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். துலாவின் வால் இடிக்கும்படியாகப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை கட்டிவிட்டார்கள். வால்முனையில் தொங்கின கல் கொட்டகைக் கூரையில் மோதிற்று. உடனே கல்லை அவிழ்த்து உள்ளே தள்ளிக் கட்டினார்கள். கல் அதே கல், ஏனென்றால் அது ராசியான கல்லாம்!

நாம் எடுத்துக்கொண்ட எண்களிலேயே அதைப் பார்ப்போம். கல் 6 அடியிலிருந்து 4 அடிக்கு வந்தது என்று வையுங்கள். 53-ஐ 4-ஆல் பெருக்க 212தான். இப்போது சால் இறங்க இரண்டரைக் கிலோ பலம் போதும். ஏறும்போதோ பதினேழரைக் கிலோ. மேலே வரப்பில் நின்று பார்த்த மிராசுதார், சால் தானாக இறங்குவதைக் கண்டு, "ஏற்றம் முன்னைவிட லேசாக ஓடுகிறதே, நீ ஏன் முக்குகிறாய்?" என்றாராம். ஒவ்வொரு சாலுக்கும் கூடின ஏழரைக் கிலோவை அவர் கண்ணால் காண முடியாது. தூக்கினவன் முதுகுக்குத்தான் தெரியும். ஒரு காலையில் ஐந்நூறு சால் இறைத்தால் ஐந்நூறு தடவை அந்த ஏழரை. அவன் முனகினால் சோம்பேறி என்று பெயர். துலாம் ராசிக்கு இந்த வருஷம் பலன் எப்படி என்று பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவருக்குத் தன் கொல்லையில் இருக்கும் துலா ஏன் கனக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை!

என் பாட்டனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருக்கல் வகுத்தல் எதுவும் தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு சோதனை தெரிந்திருந்தது. சாலில் பாதித் தண்ணீர் வைத்து, பாதி உயரத்தில் கையை விட்டுவிட வேண்டும். விட்ட இடத்தில் துலா நின்றால் கல் சரி. சால் கீழே போனால் கல் போதாது, மேலே போனால் கல் மிகுதி. அவர் விட்டுப் பார்த்தார். சால் விறுவிறு என்று கிணற்றுக்குள் போய்விட்டது. 4 அடியில் 318 வர வேண்டுமானால் 80 கிலோ கல் வேண்டுமல்லவா? ஆக, 27 கிலோ குறைகிறது. அவருக்கு அந்த எண் தெரியாது. கொல்லையில் கிடந்த உடைந்த ஆட்டுக்கல் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டி, பாதிச் சால் நிற்கிறவரையில் சேர்த்துக்கொண்டே போனார்.

அதற்கும் எல்லை உண்டு. பாரம் கூடக்கூட அச்சும் கால்களும் அவ்வளவையும் தாங்க வேண்டும். அச்சு கிறீச்சிட ஆரம்பித்தாலும், அச்சுத் துளையைச் சுற்றி மரத்தில் கீறல் கண்டாலும் இறைப்பதை நிறுத்திவிட வேண்டும். அதைவிடப் பெரிய அபாயம், நிறைந்த சால் கீழே இருக்கும்போது கழி முறிவது. அப்போது கல் உச்சியில் இருக்கும். முன்பாரம் போனதும் அது அப்படியே கீழே விழும். ஆகவே வாலுக்கு அடியில் ஆளோ மாடோ நிற்கக் கூடாது. அந்தக் கொட்டகையை அங்கே கட்டினதே முதல் தப்பு. நீங்கள் போட்டிருக்கும் களத்து வாசல் தடுப்புக்கும் இது பொருந்தும். அந்தப் பையனைப் பின்முனையில் தொங்கவிடாதீர்கள்.

பாட்டனார் கல் துண்டுகளைக் கட்டினது ராத்திரியில். அதற்கு முந்தின நாள்தான், ஏற்றம் கனக்கிறது என்று எல்லோரும் சொல்லவே, மிராசுதார் அரைமனதாக ஒரு பூசாரியை வரவழைத்து ராசிக்கல்லுக்கு மஞ்சள் பூசித் தேங்காய் உடைத்திருந்தார். மறுநாள் காலையில் ஏற்றம் லேசாக ஓடிற்று. பூசாரிக்கு இன்னொரு மரக்கால் நெல் அளந்தார்கள். வாலில் தொங்கின உடைந்த ஆட்டுக்கல் துண்டுகளை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.